அக்கா கல்யாணப் பத்திரிகையை ஆபீஸில் காட்டுவதற்கு முன்

"அண்ணா, நான் கோத்தகிரி. வேலைக்காக மான்செஸ்டர் வந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. தை மாதம் அக்காவுக்குக் குன்னூரில் கல்யாணம். ஆபீஸில் பத்திரிகை போட்டோவைப் பார்த்துவிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள், இரண்டு பேர் நேரிலேயே வருவதாகச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், ஒன்று கோர்ட் நோட்டீஸ் மாதிரி வருகிறது, இல்லையென்றால் புராணம் மாதிரி. எப்படி எழுதுவது?"

தம்பி, நான் ஊட்டிப் பக்கம்தான், இங்கே வந்து பிள்ளைகள் காலேஜ் போகிற வயதாகிவிட்டது, அதனால் இந்தப் பத்திரிகை விவகாரம் எங்கள் வீட்டிலும் நிறைய நடந்திருக்கிறது. முதலில் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதே. அதில் சின்ன எழுத்தெல்லாம் கலங்கிப்போயிருக்கும், 6.30 என்பது 8.30 மாதிரித் தெரியும். அச்சடித்த பிரஸ்ஸில் பிடிஎஃப் இருக்கும், அப்பாவை வாங்கி அனுப்பச் சொல். ஆபீஸ் குரூப்பில் போடும்போது கீழே இருக்கிற வீட்டு விலாசத்தையும் செல் நம்பர்களையும் வெட்டிவிட்டுப் போடு.

புராணம் மாதிரி வருவதற்குக் காரணம், நீ மேலே பிள்ளையார் சுழியில் ஆரம்பித்து வரிசையாகக் கீழே இறங்குகிறாய். குலதெய்வம் துணை, அப்புறம் விசுவாவசு வருஷம், தை 14, திதி, நட்சத்திரம், யோகம், லக்னம் என்று பாதி கார்டு போன பிறகுதான் யாருக்குக் கல்யாணம் என்றே வரும். நமக்கு அது பழக்கம், கண் தானாகத் தாண்டிப் போய்விடும். அவர்களுக்கு அப்படி இல்லை, எல்லா வரியும் ஒரே கனமாகத் தெரியும். அதனால் முதல் வரியில் யார் அழைக்கிறார்கள், யாருக்கு யாரோடு கல்யாணம், எந்த ஊர், என்றைக்கு என்பதை முடித்துவிடு. பஞ்சாங்கம் மொத்தத்துக்கும், குடும்பம் ஜோசியரிடம் நாள் பார்த்துக் குறித்த நல்ல நேரம் என்று ஒரு வாக்கியம் போதும்.

ஒன்றை மட்டும் மாற்றாதே. நம் கார்டில் பேசுவது அப்பா அம்மா. "எங்கள் மூத்த குமாரத்தி" என்றுதான் ஆரம்பிக்கும், மணமக்கள் எங்கேயும் "நாங்கள் கல்யாணம் செய்துகொள்கிறோம், வாருங்கள்" என்று சொல்வதில்லை. இங்கே இப்போது நிறையப் பேர் ஜோடியாகத் தாங்களே அழைக்கிறார்கள், அதைப் பார்த்து உங்கள் கார்டையும் அக்கா அழைப்பது மாதிரி எழுதினால் அதன் குரலே போய்விடும். பெற்றோரே பேசட்டும், கடைசியில் "மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்" என்பதையும், வந்து எங்கள் பிள்ளைகளுக்கு ஆசி சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்பதாகவே வை. மரியாதை அந்த ஒரு வரியிலேயே வந்துவிடும், திருவளர்ச்செல்வி, திருநிறைச்செல்வன் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். பெயருக்குப் பின்னால் இருக்கும் பி.இ., எம்.பி.ஏ.வையும் எடுத்துவிடு, இங்கே அது வேலைக்கு மனு போட்ட மாதிரி இருக்கும் (அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாதே, அவர் அதற்குத்தான் கட்டணம் கட்டினார்).

தாத்தா பாட்டி பெயருக்கு முன் "தெய்வத்திரு" என்று இருந்தால் காலமானவர்கள் என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கிற சாதாரணச் சொல்லைப் போட்டுவிடு, கடவுளை அங்கே கொண்டுவராதே. கல்யாணப் பத்திரிகையில் இறந்தவர் பெயர் எதற்கு என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். இன்னார் பேத்தி என்று சொல்வது எங்கள் வழக்கம், இல்லாத பெரியவர்களையும் அதில் விடமாட்டோம் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அக்கா, மாப்பிள்ளை பெயர்களை நீயாக ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டாதே, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி கேட்டு வாங்கு. முன்னால் இருக்கும் இனிஷியல் அப்பா பெயர் என்பதையும் சொல்லிவிடு, இல்லையென்றால் அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் குடும்பப் பெயர் என்ன என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது நேரம். வரப்போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கார்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்: 27.01.2026 செவ்வாய் மாலை 6 மணி முதல் வரவேற்பு, 28.01.2026 புதன் காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் மகர லக்னத்தில் திருமணம். இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் இரண்டு குழப்பம் வரும்.

முதலாவது, இங்கே ரிசப்ஷன் என்றால் கல்யாணம் முடிந்த பிறகு நடக்கிற விருந்து. நம் பக்கம் நிறைய வீடுகளில் அது முதல் நாள் மாலையே நடந்துவிடும். தேதியை மாற்றி அடித்துவிட்டாய் என்று நினைப்பார்கள், அல்லது கல்யாணத்துக்கு வந்துவிட்டு மாலையில் ரிசப்ஷன் எங்கே என்று மண்டபத்தில் நிற்பார்கள். அதனால் அந்த இடத்தில் ரிசப்ஷன் என்ற பெயரையே விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை விருந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்பார்கள், வரிசையில் போய் வாழ்த்திவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு சாப்பிடப் போகலாம் என்று எழுது.

இரண்டாவது, 6.00 முதல் 7.30 வரை என்றால் சடங்கு ஒன்றரை மணி நேரம் நடக்கும் என்றுதான் படிப்பார்கள். அது தாலி கட்ட வேண்டிய நேரத்தின் எல்லை. ஐயர் எந்த நிமிஷத்தில் கெட்டிமேளம் சொல்வார் என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாது, ஏழு மணிக்கு மெதுவாக வந்தால் தாலி கட்டி முடித்து எல்லோரும் டிபனுக்குப் போயிருக்கலாம். "5.45க்கு மண்டபத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்" என்று தனி வரியாகப் போடு. தை மாதத்தில் குன்னூரில் அந்த நேரம் விடிந்திருக்காது, குளிர் எலும்பில் ஏறும், ஸ்வெட்டர் கட்டாயம் என்பதையும் சேர். இந்தியா என்றால் வெயில் என்று பருத்திச் சட்டையோடு வந்து இறங்குவார்கள். மேளம் வேகமெடுக்கும்போது கையில் கொடுத்த அட்சதையைத் தூவ வேண்டும், அதுவரை பக்கத்தில் இருப்பவர்கள் பேசிக்கொண்டும் எழுந்து போய்க்கொண்டும் இருந்தால் அது அவமரியாதை இல்லை என்று சொல்லி வை, சர்ச்சில் உட்காருகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் பாவம்.

"சுற்றமும் நட்பும் சூழ" என்ற வரியும் கொஞ்சம் தொல்லைதான். இங்கே அழைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் மட்டும்தான் வருவார்கள், வருகிறோமா இல்லையா என்று தேதிக்குள் பதிலும் சொல்ல வேண்டும். நம் கார்டில் அப்படி எதுவும் கிடையாது. குடும்பத்தோடு வரலாம், சாப்பாட்டுக்குத் தலை எண்ண மாட்டோம், ஆனால் ரூம் போட வேண்டும், அதனால் என்னிடம் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று உன் பெயரில் எழுது. கோவை ஏர்போர்ட்டில் இறங்கி மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏற இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும், வெளியூர் வண்டி என்றால் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும், டிரைவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்.

அன்பளிப்பு பற்றிக் கார்டில் ஒன்றும் இல்லை என்றாலும் கேட்பார்கள், இங்கே கல்யாணத்துக்குப் பரிசுப் பட்டியல் கொடுப்பது வழக்கம். எங்கள் பக்கம் கவரில் பணம் வைப்பார்கள், பூஜ்ஜியத்தில் முடியாமல் ஒரு ரூபாய் சேர்த்து 501, 1001 என்று வைப்பார்கள், வைக்காவிட்டாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று சொல். நாணயம் ஒட்டிய கவர் குன்னூர் பஜாரில் எந்த ஃபேன்ஸி கடையிலும் கிடைக்கும், நீயே நாலு வாங்கி வைத்துவிடு.

கடைசியாக, இதையெல்லாம் பத்திரிகை மொழிபெயர்ப்புக்குள் திணிக்காதே. அழைப்பு ஒரு ஐந்தாறு வரி, அப்பா அம்மா குரலில். நேரம், குளிர், கவர், இ-பாஸ் எல்லாம் தனித் தாளில் உன் குரலில். வராதவர்களுக்கு முதல் தாள் மட்டும் போதும்.