சுழலா ஒளி பாஸ்பரிகரணமே ஏ.டி.பி. தரும்போது சுழல் வழி எதற்கு?

கேள்வி: ஒளிச்சேர்க்கையின் சுழலா வழியிலேயே, ஆற்றல் தரும் ஏ.டி.பி., எலக்ட்ரான் தரும் என்.ஏ.டி.பி.எச். இரண்டும் கிடைக்கின்றன. பிறகு பசுங்கணிகத்துக்குச் சுழல் வழி ஏன்?

பதில்: கணக்கு இடிக்கிறது. கால்வின் சுழற்சியில் ஒரு கார்பன் டை ஆக்சைடுக்கு 3 ஏ.டி.பி., 2 என்.ஏ.டி.பி.எச். செலவாகும். சுழலா வழியில் 2 நீர் மூலக்கூறுகள் பிளந்து, 4 எலக்ட்ரான்கள் இரண்டு ஒளித்தொகுதிகளையும் கடந்தால் 2 என்.ஏ.டி.பி.எச். சரியாகக் கிடைக்கும், தைலக்காய்டுக்குள் சேர்வது 12 புரோட்டான்கள். அந்தப் புரோட்டான்கள் பாயும்போது ஏ.டி.பி. செய்யும் நொதியான ஏ.டி.பி. சிந்தேஸின் 14 அலகு வளையம் ஒருமுறை சுற்ற 14 புரோட்டான்கள் வேண்டும், அதற்கு வருவது 3 ஏ.டி.பி. ஆக, 12க்குச் சுமார் 2.6தான்.

அந்தக் குறையை நிரப்பும் வழிகளில் முக்கியமானது சுழல் வழி. முதல் ஒளித்தொகுதியிலிருந்து வெளியேறிய எலக்ட்ரான் ஃபெரிடாக்சினிலிருந்து பிளாஸ்டோகுவினோனுக்குத் திரும்பி, சைட்டோகுரோம் வழியே மீண்டும் அங்கேயே சேர்கிறது. புரோட்டான் ஏறி ஏ.டி.பி. கிடைக்கும், ஆக்சிஜனும் என்.ஏ.டி.பி.எச்.சும் வராது.

இவ்வழி பழுதான அராபிடாப்சிஸ் செடியில் (பி.ஜி.ஆர்.5 திடீர்மாற்றம்), ஒளி ஏறியிறங்கும்போது முதல் ஒளித்தொகுதியே சேதமாகிறது.