12 வோல்ட்டில் 10 மைக்ரோஃபாரட் 4 ஆவது ஏன்?

"சேதராப்பட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். 12 வோல்ட் லைனில் போட்ட 10 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் மீட்டரில் சரியாகக் காட்டுகிறது, போர்டில் 4 மாதிரிதான் வேலை செய்கிறது. டூப்ளிகேட்டா சார்?"

டூப்ளிகேட்டாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை சார். 0805 அளவு, 16 வோல்ட், X5R வகை செராமிக் என்றால் இது சகஜம்.

எந்த மின்காப்புப் பொருளிலும் மின்புலம் வைத்தால் எலெக்ட்ரான் மேகம் நகரும், அயனிகள் கொஞ்சம் விலகும். C0G வகை செராமிக்கில் அவ்வளவுதான், அதனால் மின்காப்பு மாறிலி சில பத்துகளிலேயே நிற்கும். X5R-இல் இருப்பது பேரியம் டைட்டனேட். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் டைட்டானியம் அயனி, சுற்றியுள்ள ஆறு ஆக்சிஜனின் நடுவிலிருந்து தானாகவே விலகி நிற்கும். அப்படி ஒரே பக்கம் விலகியவை சேர்ந்த பகுதிகள்தான் டொமைன்கள். சின்ன மின்னழுத்தத்துக்கே அவை அசைவதால் மாறிலி ஆயிரக்கணக்கில் போகிறது. ஆனால் 12 வோல்ட் டிசி நிரந்தரமாக நின்றால் பெரும்பாலானவை ஏற்கெனவே திரும்பிவிடும். அதன் மேல் வரும் சின்ன ஏற்ற இறக்கமான ரிப்பிளுக்கு அசைய மிச்சம் குறைவு. மீட்டர் சோதிப்பதோ ஒரு வோல்ட் அளவில்.

சோதிக்க, 12 வோல்ட்டுக்கு ஏற்றி, 100 கிலோஓம் வழியாக இறக்கி ஸ்கோப்பில் பாருங்கள். 12-லிருந்து 11-க்கு இறங்க உண்மையான 10 மைக்ரோவுக்கு 87 மில்லிசெகண்ட் ஆகும், 4-க்கு 35 தான்.

இதே டொமைன்களை உயர் புலத்தில் ஒரே திசைக்கு நிறுத்திவைத்தால் அழுத்தினால் மின்னூட்டம் தரும் பியசோ சென்சார் ஆகிவிடும். சில போர்டுகளில் கெப்பாசிட்டர் கீச்சிடுவதும் இதுவே தலைகீழாக நடந்து, மின்னழுத்தம் மாறும்போது அது அதிர்வதால்தான்.

1206 அளவுக்கு மாறுங்கள். வாங்குமுன், டிசி மின்னழுத்தம் ஏற ஏற மைக்ரோஃபாரட் எவ்வளவு குறையும் என்று காட்டும் தயாரிப்பாளரின் டிசி பயஸ் வரைபடத்தைப் பாருங்கள், வோல்ட் ரேட்டிங்கை மட்டும் நம்பாதீர்கள்.