தலைப்புச் செய்தியை வைத்துத் தங்கம் விலை: பேக்டெஸ்டில் வருவது ஏன் நேரலையில் வருவதில்லை?

கேள்வி: தங்கம் பற்றிய செய்தித் தலைப்புகளை மொழி மாடலிடம் கொடுத்து மதிப்பெண் வாங்கி, மறுநாள் விலை ஏறுமா இறங்குமா என்று பார்க்கிறேன். பழைய டேட்டாவில் அருமையாக வருகிறது, நேரலையில் சுத்தமாக வரவில்லை. எங்கே தப்பு?

என் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். மாமா சௌகார்பேட்டையில் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்காகத்தான் நானும் இதே வேலையில் இறங்கினேன். பழைய டேட்டாவில் அவ்வளவு நன்றாக வந்ததால், நேரலையில் முதல் மாதமே அவரிடம் "இன்னைக்குக் கட்டி வாங்கிப் போடுங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். ரேட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "நீ சொல்ற சேதி காலையிலேயே ரேட்ல ஏறிடுச்சேப்பா." என் பிழை முழுக்க அந்த ஒரு வரியில் இருந்தது. அது புரிய எனக்குத்தான் நாளானது.

தங்கம் பற்றிய தலைப்புகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். "டாலர் சரிவு, தங்கம் ஏற்றம்" என்ற மாதிரித்தான் பெரும்பாலும் இருக்கும். விலை நகர்ந்த பிறகு எழுதப்பட்ட செய்தி அது. மாடல் அதற்கு +0.8 கொடுக்கிறது. அதே நாளின் விலை மாற்றத்தோடு ஒப்பிட்டால் பொருந்தாமல் என்ன செய்யும்?

மறுநாள் விலையோடுதானே ஒப்பிடுகிறேன் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் தலைப்புகளின் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருந்தது, விலை நம் நாட்டுப் பண்டச் சந்தையான எம்சிஎக்ஸ் விலை. கோடையில் எம்சிஎக்ஸ் இரவு 11:30-க்கு மூடும், அது யுடிசியில் மாலை 6 மணி. யுடிசியில் 12-ஆம் தேதி இரவு 7:30-க்கு வந்த "தங்கம் 1% சரிவு" என்ற செய்தி, நமக்கு 13-ஆம் தேதி அதிகாலை 1 மணிச் செய்தி. எம்சிஎக்ஸ் மூடிய பிறகு வெளிநாட்டுச் சந்தையில் நடந்த அந்தச் சரிவு, காலை 9 மணிக்குத் திறக்கும்போதே விலையில் இருக்கும். முந்தைய இரவு மூடிய விலையிலிருந்து கணக்குப் போட்டால் மாடல் சரியாகக் கணித்ததுபோல் தெரியும். ஆனால் அந்த விலையில் யாரும் வாங்கவோ விற்கவோ முடியாது. உங்கள் டேட்டாவில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
gap = df["open"].shift(-1) / df["close"] - 1
day = df["close"].shift(-1) / df["open"].shift(-1) - 1
print(df["score"].corr(gap), df["score"].corr(day))
```

முதல் எண் இரவு மூடியதிலிருந்து காலை திறக்கும் வரையான மாற்றத்தோடு உள்ள தொடர்பு, இரண்டாவது திறந்ததிலிருந்து மூடும் வரையான மாற்றத்தோடு உள்ள தொடர்பு. முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது பூஜ்யத்தை ஒட்டியும் வந்தால், உங்களுக்கும் எனக்கு நடந்ததுதான். எனக்கு இரண்டாவது எண் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போனது.

இதைச் சரிசெய்த பிறகும் 2020 மட்டும் சந்தேகப்படும்படி நன்றாக வந்தது. பின்னால் நடந்தது முன்கூட்டியே தெரிந்துவிடும் கசிவு அங்கே மாடலுக்குள்ளேயே இருந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று ரஷ்யா கொரோனா தடுப்பூசிக்கு ஒப்புதல் கொடுத்தது. அன்று தங்கம் ஒரே நாளில் 5%-க்கு மேல் விழுந்தது. அதற்குப் பிந்தைய செய்திகளையெல்லாம் படித்துப் பயிற்சி பெற்ற மாடலிடம் இந்தத் தலைப்பைக் கொடுத்தால், தங்கத்துக்குக் கடும் பாதகம் என்கிறது. நாட்டின் பெயரையும் நோயின் பெயரையும் எடுத்துவிட்டு "ஒரு நாடு புதிய மருந்துக்கு ஒப்புதல்" என்று கொடுத்தேன், மதிப்பெண் நடுநிலைக்கு வந்துவிட்டது. பெயரோடு தகவலும் கொஞ்சம் போகும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மதிப்பெண் இவ்வளவு மாறினால் மாடலின் நினைவைச் சந்தேகப்பட வேண்டும். மாடலின் பயிற்சி முடிந்த தேதிக்குப் பின் வந்த தலைப்புகளில் மட்டும் சோதிப்பதுதான் நம்பத்தக்க வழி.

இரண்டையும் அடைத்த பிறகும் உலகம் மாறும். வட்டி ஏறினால் தங்கம் இறங்கும் என்பது பல வருஷம் ஓரளவு நின்றது. 2022-லிருந்து மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்க ஆரம்பித்தபோது அந்தத் தொடர்பு தளர்ந்தது. மாடலோ பழைய பாடத்தையே ஒப்பித்தது. நம் ஊர் விலைக்குத் தனிக் காரணமும் உண்டு. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15%-லிருந்து 6% ஆனபோது, லண்டன் விலை பெரிதாக அசையாமலே நம் ரேட் சடாரென்று இறங்கியது. உலகச் செய்தித் தலைப்புகள் எத்தனை சேர்த்தாலும் அது அகப்படாது.

இப்போது தினமும் காலை 9 மணிக்கு முன் மதிப்பெண்ணை நேரத்தோடு எழுதி வைக்கிறேன், அப்புறம் அதைத் தொடுவதில்லை. 200 நாளில் 53% சரியாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள். வெறும் நாணயம் சுண்டினாலே 200 நாளில் 3.5% மேலேயோ கீழேயோ போவது சகஜம். 53% உண்மைதான் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல 1,100 வர்த்தக நாள், அதாவது நாலு வருஷத்துக்கு மேல் வேண்டும். மாமாவிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், அதுவரை பட்டறைக் காசில் கை வைக்கப் போவதில்லை.