புதிய பெற்றோர் கூட்டம்: சீட்டும் பிஸ்கட் டின்னும்

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஆண்டு 1 பெற்றோரை வரவேற்கும் உரை பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

"முதன்முறையாக இந்தக் கூட்டத்தை நடத்தப் போகிறேன், ஐயா. பேசி முடித்து 'ஏதும் கேள்வி உண்டா' என்றால் யாரும் வாய் திறப்பதில்லையாம். என்ன செய்வது?"

என் முதல் கூட்டத்திலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாம் தெளிவாகச் சொல்லிவிட்டேன் என்று மகிழ்ந்தேன். பள்ளி வாசலருகே ஒரு தாய் என்னை ஓரமாக அழைத்து, "என் மகனுக்குக் கால்சட்டைப் பொத்தான் கழற்ற வராது சார், நனைத்துக்கொண்டால் அடிப்பீர்களா?" என்றார். நாற்பது பேருக்கு முன்னால் அதை எப்படிக் கேட்பார்?

மறு ஆண்டு முறையை மாற்றினேன். பாரம் கொடுக்கும் மேசையிலேயே ஆளுக்கொரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்தோம். பெயர் வேண்டாம். எழுத வராத பாட்டிகளுக்கு அலுவலக ஊழியர் எழுதிக் கொடுத்தார். சீட்டுகள் பழைய பிஸ்கட் டின்னில் விழுந்தன. தேநீர் வேளையில் மூன்றாகப் பிரித்தேன்: மண்டபத்தில் சொல்ல வேண்டியவை, தனியாகப் பேச வேண்டியவை, பள்ளியின் கையில் இல்லாதவை. பிறகு சீட்டில் இருந்தபடியே, திருத்தாமல் வாசித்தேன். பாதிச் சீட்டுகள் கழிப்பறை, சாப்பாடு, பஸ் பற்றியவை. ஆறு பக்க உரையில் இந்த மூன்றில் எதையும் நான் தொட்டிருக்கவில்லை.

பொத்தானுக்கு அன்றே வழி சொன்னோம்: முதல் தவணை முழுக்க இடுப்பில் எலாஸ்டிக் வைத்த நீலக் கால்சட்டை போதும், மாற்று உடை ஒன்று பையில் இருக்கட்டும், நனைத்தால் அடி கிடையாது. கடைசி வரியைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்த ஒருவர் பெருமூச்சு விட்டது முன்னால் கேட்டது.

"உரை எத்தனை நிமிடம் இருக்கலாம்?"

பத்து. உங்கள் கல்வித் தகுதியை விட்டுவிட்டால் எட்டு.

"எல்லாப் பெற்றோரும் அன்று ஒரே இடத்தில் இருக்கிறார்கள். சங்க நன்கொடையையும் அன்றே வாங்கிவிடலாமா? நான் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர்."

வேண்டாம். கையில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்பவரிடம் யாரும் கவலையைச் சொல்லமாட்டார்கள். இலவச உணவுத் திட்டத்துக்குத் தகுதியானவர்களின் பெயர்களையும் மண்டபத்தில் வாசிக்காதீர்கள். ஒரு பள்ளியில் அப்படி வாசித்தார்கள். மூன்று பேர் எழுந்து போனதை நானே பார்த்தேன். பணமோ பட்டியலோ, அன்று எதுவும் வேண்டாம்.

"சீட்டு முறை பெற்றோரைக் கோழையாக்குகிறது. கை தூக்கிக் கேட்கப் பழக்க வேண்டாமா? நானும் ஆசிரியன்தான்."

பழக்கலாம், ஆண்டு இறுதிக்குள். முதல் நாளில் முடியாது. தோட்டத்தில் மேலதிகாரியிடம் நேரே கேட்டுப் பழகாதவர்கள் இவர்கள்.

"அதைத்தான் சொல்கிறேன், ஐயா. பெயரில்லாச் சீட்டு அந்தப் பழக்கத்தையே வளர்க்கிறது. எங்கள் பள்ளியில் ஒருவர் ஓர் ஆசிரியரைப் பற்றி அவதூறு எழுதிப் போட்டார்."

அவதூறை மண்டபத்தில் வாசிக்க வேண்டியதில்லை. இரண்டாம் குவியலில் போடுங்கள். ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி சரி. பெயரில்லாதவரிடம் திரும்பிப் போய் விசாரிக்க முடிவதில்லை. "மகனுக்கு இரவில் வலிப்பு வருகிறது" என்று ஒரு சீட்டு வந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை. வகுப்பாசிரியர் வீடு வீடாகப் போய்த் தேட ஒரு வாரமானது. அதன்பின், "விருப்பமிருந்தால் பிள்ளை பெயர் எழுதுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தோம். சிலர் எழுதினார்கள்.

"இதுவும் கோழைத்தனம்தான் என்பேன்."

என்னுங்கள்.

"மலாய் வராமல் என் மகள் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் மாட்டிக்கொள்வாளா? உரையில் இதற்குப் பதில் உண்டா?"

உண்டு, ஆனால் பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். புகுமுக வகுப்பு இருப்பது உண்மை; மலாய் போதாதவர்கள் படிவம் 1-க்கு முன் ஓராண்டு அங்கே படிப்பார்கள். ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்தானதோடு இந்தக் கவலையும் போய்விட்டது என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள், போகவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் தாய்க்கு அன்றைக்கு வேண்டியது, மலாய் ஆண்டு 1 முதலே தனிப் பாடம் என்பதும், பின்தங்கினால் எந்த ஆசிரியரிடம் போவது என்பதும். அந்த ஆசிரியரை எழுந்து நிற்கச் செய்து முகத்தைக் காட்டுங்கள்.

"தோட்டம் மாறுகிறோம். பள்ளி மாற்றக் கடிதம் எப்படி எழுதுவது?"

இது வரவேற்புரைக் கேள்வி இல்லை, அம்மா. இப்போதைய பள்ளியின் அலுவலகத்தில் கேளுங்கள்.

"உரை எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்?"

மேலே சொன்னேன்.

"சனிக்கிழமை காலை வைக்கலாமா?"

பள்ளி பஸ் அன்று ஓடுமா, தோட்டத்தில் அரைநாள் வேலை உண்டா என்று முதலில் விசாரியுங்கள். நாங்கள் கேட்காமல் ஒருமுறை வைத்தோம். தந்தையர் நால்வர் வந்தார்கள். அவர்களில் இருவர் செம்பனைக் குலை வெட்டிவிட்டு நேரே வந்தவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்கள், உள்ளே நாற்காலி காலியாக இருந்தும்.

"உரையை எத்தனை நிமிடத்தில் முடிப்பது நல்லது, ஐயா?"

ஒன்பது.