24 இடத்து மண்ணும் ஒரு நேர்முகமும்

ஐயா,

வந்தாறுமூலையில் விவசாயம் படித்து முடித்தேன். வெளிநாட்டில் முதுமாணி படிப்பதற்கான புலமைப்பரிசில் ஒன்றுக்கு நேர்முகம் வந்திருக்கிறது. மூன்று பேர் கொண்ட குழு, 25 நிமிடம், ஆங்கிலத்தில். படிவத்தில் ஆய்வு ஆர்வம் என்ற இடத்தில் ‘காலநிலை மாற்றமும் வேளாண்மையும்’ என்று எழுதியிருக்கிறேன். இறுதியாண்டில் வாவியோர வயல்களில் 24 இடத்து மண் எடுத்து உவர் பார்த்தேன். ஆய்வு ஆர்வம் என்னவென்று கேட்டால் எதைச் சொல்வது? பலவீனம் கேட்டால், ‘எல்லாம் நூறு வீதம் சரியாக வரவேண்டும் என்று நினைப்பவள் நான்’ என்று சொல்லச் சொல்கிறா அக்கா. பன்னிரண்டு நாள் இருக்கிறது.

வாசகி ஒருவர், வெல்லாவெளி

மகள்,

அக்கா சொன்னதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள், பிறகு வருகிறேன். முதலில் மண்.

‘காலநிலை மாற்றமும் வேளாண்மையும்’ என்பது ஒரு அலுமாரியின் பெயர். உள்ளே நீங்கள் எந்தத் தட்டைத் திறக்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஆய்வு ஆர்வத்தைக் கேட்பவர் அறிய விரும்புவது, உங்களுக்கு என்ன தெரியும் என்பதைவிட, எது தெரியாமல் உங்களை அரிக்கிறது என்பதை. அது உங்கள் 24 இடங்களிலேயே கிடக்கிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“படுவான்கரையில் வாவியை ஒட்டிய வயற்கண்டங்களில் 24 இடத்து மண்ணின் உவரை அளந்தேன். ஆனால் ஒரேயொரு தடவை, அறுவடைக்குப் பிறகு. நெல்லை உப்பு அதிகம் தாக்குவது நாற்றுப் பருவத்திலும் கதிர் உருவாகிப் பூக்கும் பருவத்திலும். அந்த இரண்டு நேரத்திலும் அந்த மண்ணில் எவ்வளவு உப்பு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அதைப் பருவம் பருவமாக அளக்க விரும்புகிறேன்.”

ஆங்கிலத்தில் சொன்னால் அரை நிமிடத்துக்குள் முடியும். எப்போது அளந்தீர்கள் என்பதை உங்கள் குறிப்பேட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள், நான் ஊகித்துத்தான் எழுதியிருக்கிறேன். ‘எனக்குத் தெரியாது’ என்ற வசனத்தை மட்டும் எடுத்துவிட வேண்டாம், பதிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதைச் சொல்லப் பயந்து, உலக வெப்பநிலை ஏறுகிறது, கடல் மட்டம் ஏறுகிறது என்று தொடங்கினால் ஒரு நிமிடம் போய்விடும். வெல்லாவெளியிலிருந்து வந்தவர் என்ற அடையாளமும் அதோடு போய்விடும்.

இனித் துணைக்கேள்விகள். குழுவில் பெரும்பாலும் ஒருவராவது உங்கள் துறைக்காரர், மற்றவர்கள் வேறு துறை. துறைக்காரர் போகும் இடம் அனேகமாக இது: “எப்படி அளந்தீர்கள்?” மாணவர்கள் வழக்கமாக ஒரு பங்கு மண்ணை ஐந்து பங்கு நீரில் குலுக்கி மின்கடத்துதிறன் மீற்றரை வைப்பார்கள். மீற்றர் 0.6 காட்டும். நெல்லின் விளைச்சல் 3 டெசிசீமன்சுக்கு மேல்தான் குறையத் தொடங்கும் என்று நூல்களில் இருக்கும். 0.6 எங்கே, 3 எங்கே, ஆகவே மண்ணில் பிரச்சினையில்லை என்று முடித்துவிடுவார்கள். பிழை அங்கேதான். நூலில் உள்ள 3 என்பது மண்ணை நீர் நிறைந்த குழம்பாக்கிப் பிழிந்தெடுத்த சாற்றின் அளவு. ஐந்து பங்கு நீரில் உப்பு ஐதாகிவிடுவதால் உங்கள் எண்ணைப் பெருக்கித்தான் ஒப்பிட வேண்டும். பெருக்கும் எண் மண்ணைப் பொறுத்தது: கனத்த களியில் ஆறேழு மடங்கு, மணல் கலந்த மண்ணில் பத்துக்கும் மேல். களி என்றே வைத்து ஆறால் பெருக்கினாலும் 0.6 என்பது 3.6 ஆகி, மூன்றைத் தாண்டுகிறது. அந்த வயலில் பிரச்சினை இருக்கிறது.

உங்கள் அறிக்கையில் எந்த முறை, என்ன மண், பெருக்கினீர்களா என்று இன்றே பாருங்கள். பெருக்காமல் விட்டிருந்தால் மறைக்க வேண்டாம். “அப்போது நேரடியாக ஒப்பிட்டுவிட்டேன், அது பிழை, இப்போது திருத்திப் பார்த்தால் இத்தனை இடம் எல்லையைத் தாண்டுகிறது” என்று எண்ணோடு சொல்லுங்கள். அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் சொன்னால் அது உங்கள் பக்கத்துக்குச் சேரும்.

துறை சாராதவர் கேட்பது வேறு: “இதனால் கமக்காரனுக்கு என்ன?” கொள்கை வகுப்பாளர்கள் என்று பதில் சொன்னால் அவர் பேனாவை வைத்துவிடுவார். எந்தப் பருவத்தில் உப்பு ஏறுகிறதென்று தெரிந்தால் விதைப்பை இரண்டு கிழமை முன்பின் தள்ளலாமா, உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற இனத்தை எந்தக் கண்டத்துக்குச் சொல்லலாம் என்று கமநல சேவை நிலையத்துக்கும் வட்டவிதானைக்கும் கொடுக்க ஒரு தாள் கிடைக்கும். அவ்வளவு சொன்னால் போதும். ‘ஏன் இந்தப் பல்கலைக்கழகம்’ என்றால் அங்குள்ள ஒரு பாடத்தையோ ஒரு ஆய்வுகூடத்தையோ பெயர் சொல்லி, உங்கள் அளவீட்டுக்கு அது எதைத் தரும் என்று ஒரு வசனம் சொல்லுங்கள்.

இப்போது அக்காவின் யோசனை. எல்லாம் சரியாக வரவேண்டும் என்று நினைப்பதைப் பலவீனமாகச் சொல்வதைக் குழுக்கள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருக்கின்றன. சொன்னவுடன் “அதனால் எப்போது நட்டப்பட்டீர்கள்?” என்பார்கள். உதாரணம் கையில் இராது. அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

‘என் ஆங்கிலம் பலவீனம்’ என்பதும் வேண்டாம். அதை அவர்கள் காதால் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், கேள்வியை வீணாக்குவீர்கள். ‘கோபம் வரும்’, ‘நேரத்துக்கு முடிக்க மாட்டேன்’ என்பவை உண்மையாகவே இருந்தாலும், ஓராண்டுப் படிப்புக்குப் பணம் கொடுப்பவரைத் தயங்க வைக்கும்.

உங்கள் பலவீனமும் அதே 24 இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு தடவை மட்டும் அளந்தது ஏன்? முதலில் மண்ணை எடுத்துவிட்டு, எதை எதோடு ஒப்பிடுவது என்று பிறகு யோசித்ததால்தான் என்றால், அதுவே பதில். மூன்று துண்டாகச் சொல்லுங்கள். பழக்கம்: திட்டமிடுமுன் வேலையில் இறங்கிவிடுவது. நட்டம்: பருவத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாத 24 எண்கள். இப்போது செய்வது: வயலுக்குப் போகுமுன் முடிவு அட்டவணையை வெறுமையாக வரைந்து, எந்தக் கட்டத்தை எந்த மாதிரி நிரப்பும் என்று பார்ப்பது. மூன்றாவது உண்மையாக இருக்க வேண்டும், ஏனென்றால் “கடைசியாக அப்படி வரைந்தது எப்போது?” என்று கேட்பார்கள். இதுவரை வரைந்ததில்லையென்றால் இந்தக் கிழமையே உங்கள் முதுமாணித் திட்டத்துக்கு ஒன்று வரையுங்கள். பழக்கம் முழுதாக மாறிவிட்டது என்று மட்டும் சொல்ல வேண்டாம், ஒருவரும் நம்பமாட்டார்கள்.

பன்னிரண்டு நாளில் வசனங்களைப் பாடமாக்க வேண்டாம். பாடமாக்கியவரை இடைமறித்தால் முதல் வசனத்துக்கே திரும்பிப் போவார், அதிலேயே பிடிபடுவார். ஒவ்வொரு பதிலுக்கும் நாலைந்து சொல் ஒரு துண்டுத் தாளில் போதும். விவசாயம் தெரியாத ஒருவரை முன்னால் இருத்தி, நடுவில் வெட்டி வெட்டிக் கேட்கச் சொல்லுங்கள். அக்காவே நல்ல ஆள். தொலைபேசியில் பதிந்து கேளுங்கள், ஒரு பதில் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் முன்பகுதியை வெட்டுங்கள், வழக்கமாகக் கொழுப்பு அங்கேதான் இருக்கும்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய படிவத்தின் பிரதியை எடுத்து வைத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கேள்வி எழுதுங்கள். குழுவின் கையில் இருப்பதும் அந்தத் தாள்தான். ‘காலநிலை மாற்றமும் வேளாண்மையும்’ என்ற வரிக்கு எதிரே ‘எந்த வயல்? எந்த மாதம்?’ என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.