மருமகள் ‘அத்தைஇஇஇ!!!’ என்று எழுதுவது ஏன்?

“எனக்கு வயது 61, ஊர் பாளையங்கோட்டை. மகனுக்குக் கல்யாணம் ஆகி நாலு மாசம் ஆகுது. மருமகள் பெங்களூரிலிருந்து தினமும் வாட்ஸ்அப்பில் ‘அத்தைஇஇஇ!!! சாப்டாச்சா??’ என்று அனுப்புவாள். நான் ‘சாப்பிட்டேன்.’ என்று பதில் போடுவேன். போன வாரம் மகன் கூப்பிட்டு ‘அவ மேல கோவமாம்மா?’ என்று கேட்கிறான். இப்போது அவளும் வெறுமனே ‘வணக்கம் அத்தை’ என்று அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். இந்த இழுப்புக்கும் குறிகளுக்கும் என்ன அர்த்தம்? இந்த வயதில் நானும் அப்படி எழுத வேண்டுமா?”

அப்படியே எழுத வேண்டாம், ஆனால் உங்கள் பதிலில் இரண்டு சின்ன மாற்றங்கள் வேண்டும். அவள் பக்கம் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

நம் பக்கத்துத் தெருவில் ஒருத்தரை எப்படிக் கூப்பிடுவோம்? வாசலில் நின்று “யத்தேஏஏ” என்று கடைசி எழுத்தை இழுப்போம். ஆள் தூரத்தில் இருப்பதால் மட்டும் இல்லை, பக்கத்திலேயே இருந்தாலும் பிரியமாகக் கூப்பிடும்போது இழுப்பு தானாக வந்துவிடும். உங்கள் மருமகள் அந்த இழுப்பைத்தான் எழுத்தில் அடிக்கிறாள். இது இந்தக் காலத்துப் பிள்ளைகள் புதிதாகக் கண்டுபிடித்த பழக்கமும் இல்லை. உயிரும் ஒற்றும் தம் அளவைத் தாண்டி ஒலிக்கும் இடங்களைச் சொல்லும்போது, பாட்டு, கூப்பிடுதல், பண்டம் விற்கக் கூவுதல் ஆகியவற்றை நன்னூல் சேர்த்தே சொல்கிறது. ஐகாரத்தை நீட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் இகரத்தைப் போட வேண்டும் என்பதும் பழைய இலக்கணம்தான். மருமகள் அடித்த ‘அத்தைஇஇஇ’ அதோடு கச்சிதமாகப் பொருந்துகிறது, அவள் அதை நினைத்து அடித்திருக்க மாட்டாள் என்றாலும்.

ஆனால் எழுத்தில் வரும் எல்லா இழுப்பும் குரலைப் பார்த்து எழுதியது அல்ல. ‘ஹாய்ய்ய்’ என்பதை வாயால் சொல்ல முடியும், ‘குட்ட்ட்ட்’ என்பதைச் சொல்லிப் பாருங்கள், ட் என்ற ஒலி ஒரு தடவை அடைத்துக்கொண்டால் அவ்வளவுதான், இழுக்க வராது. ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பழைய மின்னஞ்சல்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்றும் இதையே சொன்னது: எழுத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது பெரும்பாலும் பேச்சின் இழுப்பைக் காட்டுகிறது, ஆனால் எப்போதும் அல்ல. சில சமயம் ‘உனக்காக ஒரு நொடி கூடுதலாக விரலை வைத்தேன்’ என்பது மட்டுமே அதில் இருக்கும் சேதி. அதனால் மூன்று இ போட்டாளா ஐந்து இ போட்டாளா என்று எண்ண வேண்டாம், எண்ணிக்கைக்குத் தனி அர்த்தம் கிடையாது.

ஆச்சரியக்குறிக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது வியப்பு, சோகம், உணர்ச்சி வரும் இடத்தில் அதைப் போட வேண்டும் என்று. ஆனால் கல்யாண ஃபிளெக்ஸில் ‘வருக! வருக!!’ என்று முதலில் ஒன்றும் அடுத்து இரண்டுமாகப் போடுகிறோமே, அங்கே யாரும் எதற்கும் வியக்கவில்லை, வரவேற்பு கூடிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். சாட்டில் வருவதும் அந்த வகை. இணையத்தில் பேசிக்கொண்டவர்களின் செய்திகளை எடுத்துப் பார்த்து 2006இல் வந்த ஆய்வும், ஆச்சரியக்குறி பரபரப்பைவிட நட்பைத்தான் அதிகம் காட்டுகிறது என்று கண்டது. ஃபோனில் முகம் தெரியாது, குரல் கேட்காது, அதனால் ‘சிரித்த முகத்தோடுதான் கேட்கிறேன்’ என்பதை அவள் குறியால் சொல்கிறாள்.

இப்போது உங்கள் ‘சாப்பிட்டேன்.’ உங்களுக்கு அந்தப் புள்ளி வெறும் முற்றுப்புள்ளி, இத்தனை வருஷமும் அப்படித்தான் எழுதினீர்கள். ஆனால் சாட்டில் அனுப்பு பொத்தானை அழுத்தியதுமே வாக்கியம் முடிந்துவிடுகிறது. முடிந்த வாக்கியத்துக்கு மேல் ஒரு புள்ளி விழுந்தால், ஃபோனிலேயே வளர்ந்த பிள்ளைகள் அதை ‘இதோடு பேச்சு போதும்’ என்று படிக்கிறார்கள். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தபோது, ஒரு வார்த்தைப் பதிலின் கடைசியில் புள்ளி இருந்தால் மனசார எழுதியது போல இல்லை என்று மதிப்பிட்டார்கள். அதே பதிலைக் கையெழுத்தில் காட்டியபோது அந்த வித்தியாசமே இல்லை. அது ஆங்கிலத்தில் நடந்த சோதனை, தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் மகன் கேட்ட கேள்வி அதே பக்கம்தான் காட்டுகிறது.

அப்புறம் ஒன்று, அந்தப் புள்ளியை நீங்கள் போடாமலேயே ஃபோன் போட்டிருக்கலாம். பல கீபோர்டுகளில் இடைவெளிப் பொத்தானை இரண்டு தடவை தட்டினால் தானாக முற்றுப்புள்ளி விழும். கீபோர்டு செட்டிங்ஸில் அதை அணைத்துவிடலாம்.

நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள். அவள் இழுத்துக் கூப்பிட்டாள், நீங்கள் ஒரு வார்த்தையும் புள்ளியும் வைத்தீர்கள், இது தினமும் நடந்தது. பேசுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எதிராளியின் அளவுக்கு வந்துவிடுவது இயல்பு, அவளும் உங்கள் அளவுக்கு இறங்கி வந்திருக்கிறாள். ‘வணக்கம் அத்தை’ கோபம் அல்ல, அத்தைக்கு இந்தப் பாணி பிடிக்கவில்லை போல என்ற தயக்கம் என்றுதான் நான் படிக்கிறேன். ‘அத்தை’ என்ற முறை அதில் அப்படியே இருக்கிறது பாருங்கள். நம் ஊரில் மனசு கசந்தால் முதலில் காணாமல் போவது முறைதான், ஆச்சரியக்குறி அல்ல. முறையும் போய், கேள்வி கேட்பதும் நின்று, ‘ம்’, ‘சரி’ என்று மட்டும் வந்துகொண்டிருந்தால்தான் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அப்போதும் சாட்டில் கேட்காமல் ஃபோன் போட்டுப் பேசுங்கள்.

ஒரே ஒரு செய்தியை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். ஆபீஸ் நேரத்தில் அனுப்பியிருக்கலாம், குரலால் சொல்லி டைப் செய்திருக்கலாம். குரலால் சொன்னால் ‘அத்தைஇஇஇ’ என்று எவ்வளவு இழுத்தாலும் திரையில் பெரும்பாலும் ‘அத்தை’ என்றுதான் விழும். ஒருவர் வழக்கமாக எழுதுவதற்கும் இன்று எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் சில நாள் தொடர்ந்தால்தான் அது சேதி.

சரி, நீங்கள் என்ன எழுதலாம்? கடைசிப் புள்ளியை விட்டுவிடுங்கள். முதல் வார்த்தையை ஒட்டியே அவளைக் கூப்பிடுங்கள், அதற்கு ஒரே ஒரு ஆச்சரியக்குறி. ‘சாப்பிட்டேன்.’ என்பதற்குப் பதிலாக ‘சாப்ட்டேன் தாயி! இன்னைக்கு சொதி வச்சேன், நீ என்ன சமைச்ச’ என்று போடுங்கள். எழுத்தை இழுக்க வேண்டிய அவசியம் இல்லை, அந்தத் ‘தாயி’யே இழுப்பு செய்யும் வேலையைச் செய்துவிடும். திடீரென்று நீங்களும் ‘ஹாய்ய்ய்ய்!!!!’ என்று போனால், அத்தை கிண்டல் செய்கிறாரோ என்று அவள் குழம்பிப் போவாள்.

சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்ப குரூப்பில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே வாழ்த்தென்றால் எத்தனை குறி போட்டாலும் பரவாயில்லை, ஆனால் சாவுச் செய்திக்குக் கீழே ‘ஆழ்ந்த இரங்கல்!!!’ என்று பெரியவர்கள் சிலர் போடுகிறார்கள். நாம் படித்த இலக்கணப்படி அது சரி, சோகமும் உணர்ச்சிதானே. சின்னவர்கள் கண்ணுக்கோ அது கொண்டாட்டம் போலத் தெரிந்துவிடுகிறது. அந்த ஒரு இடத்தில் குறியே வேண்டாம், முற்றுப்புள்ளி வைத்தாலும் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.