லைஃப் மெம்பர் காசு 30 லட்சம் வந்தாச்சு, அதை ஒரே வருஷத்துல வருமானமா காட்டலாமா?

கேள்வி: சார், நான் ஒரு விளையாட்டு கிளப்புக்கு பொருளாளர். 400 மெம்பர், வருஷ சந்தா 3,000. போன வருஷம் ஆரம்பத்துல அதுல 100 பேர் ஆளுக்கு 30,000 கட்டி லைஃப் மெம்பரா மாறினாங்க. அந்த 30 லட்சத்தையும் வருமானத்துல காட்டி, செலவு 13 லட்சம் போக 26 லட்சம் உபரின்னு பொதுக்குழுவுல கைதட்டு வாங்கினோம். 6 லட்சத்துக்கு தரை மாத்திட்டோம், மீதி 20 லட்சம் பேங்க்ல இருக்கு. இப்போ புது ஆடிட்டர் வந்து அதை 15 வருஷத்துக்கு பிரிச்சுதான் காட்டணும்ங்கிறார். தலைவர் என் பெரிய மச்சான். "காசு கைக்கு வந்தாச்சு, யாருக்கும் திருப்பி குடுக்க வேண்டாம், அப்புறம் என்ன"ன்னு கேக்கிறார். அந்த 20 லட்சத்தோட லோனும் போட்டு ஹால் கட்டணுமாம், நான் கையெழுத்து போடணுமாம். யார் பேச்சை கேக்கிறது?

பதில்: ஆடிட்டர் பேச்சை கேளுங்க. ஆனா அவர் சொன்ன மாதிரி புக்ல பிரிச்சு எழுதிட்டா மட்டும் பிரச்சனை தீர்ந்துடாது, ஏன்னா உங்க கிளப்போட வியாதி கணக்குல இல்ல, பழக்கத்துல இருக்கு.

உங்க மச்சான் சொல்றதுல பாதி சரி. திருப்பி தர வேண்டாம்தான். ஆனா திருப்பி தர வேண்டாம்ங்கிறதும் சம்பாதிச்சாச்சுங்கிறதும் ஒண்ணு இல்ல. ஒருத்தர் பத்து வருஷ வாடகையை முன்னாடியே குடுத்துட்டு வீட்ல உக்காந்தா, வீட்டுக்காரர் அடுத்த ஒன்பது வருஷம் ஒரு பைசா வாங்காம தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்ணணும் இல்லையா, அதே கதைதான் இது. அந்த 100 பேருக்கும் நீங்க இனிமே பல வருஷம் மைதானம், லைட்டு, ஆள் சம்பளம் எல்லாம் தரணும், சந்தா மட்டும் கேக்க முடியாது. சர்வதேச கணக்கு விதியான ஐஎஃப்ஆர்எஸ் 15-ம் இதைத்தான் சொல்லுது, திருப்பி தராத நுழைவு கட்டணமா இருந்தாலும் அதுக்கு தனியா ஒரு சேவையும் குடுக்கலைன்னா அது இனிமே தரப்போற சேவைக்கான முன்பணம். அதுக்கு உதாரணமா ஹெல்த் கிளப் சேர்க்கை கட்டணத்தையே அதுல போட்டிருக்காங்க. சின்ன கிளப்புக்கு அந்த விதி நேரா பொருந்துதோ இல்லையோ, லாஜிக் மாறாது.

இப்போ போன வருஷத்தை திரும்ப போட்டு பாருங்க. மீதி 300 பேர் சந்தா 9 லட்சம். லைஃப் பணம் 30 லட்சத்தை 15-ஆல வகுத்தா வருஷத்துக்கு 2 லட்சம். மொத்தம் 11 லட்சம், செலவு 13 லட்சம். அதாவது 26 லட்சம் உபரின்னு கைதட்டினாங்களே, அந்த வருஷம் உண்மையில 2 லட்சம் துண்டு விழுந்த வருஷம். அதுக்கு முன்னாடி 400 பேரும் சந்தா கட்டினப்ப 12 லட்சம் வந்திருக்கும், அப்பவே இதே அளவு செலவுன்னா ஒரு லட்சம் இடிச்சிருக்கும், அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்த லைஃப் ஸ்கீமே வந்துச்சுன்னு நினைக்கிறேன். ஓட்டை இப்போ ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, ஏன்னா 3,000 கட்டிட்டு இருந்த ஆள் கணக்குப்படி இனிமே 2,000 தான் கட்டுறார்.

பொருளாளர்கள் நிறைய பேர் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. வரவு-செலுத்தல் கணக்குல 30 லட்சமும் முழுசா வரணும், அது காசு வந்த கதை, அதுல தப்பில்ல. வருமானம்-செலவு கணக்குல 2 லட்சம் மட்டும் வரணும். மிச்சம் 28 லட்சம் ஐந்தொகையில பொறுப்பு பக்கம் போய் உக்காரணும். போன வருஷம் முழுசா வருமானத்துல போட்டுட்டதால இப்போ பொது நிதியில இருந்து 28 லட்சத்தை குறைச்சு, ஒத்திவைத்த லைஃப் கட்டணம்னு ஒரு தலைப்புல வரவு வைக்கணும், பழைய வருஷ எண்களையும் திருத்தி பக்கத்துல காட்டணும். பொதுக்குழுவுல சங்கடமா இருக்கும், இருக்கட்டும். வருமான வரி தனி சமாச்சாரம், புக்ல பிரிச்சா வரியிலயும் பிரியும்னு நினைச்சுக்காதீங்க, ஊருக்கு ஊர் சட்டம் வேற, அதை ஆடிட்டர்கிட்டயே எழுதி வாங்கிக்கோங்க.

15 வருஷம்ங்கிறதை அவர் எங்க இருந்து எடுத்தார்னும் கேளுங்க. அது காத்துல இருந்து வரக்கூடாது. பழைய மெம்பர் ரெஜிஸ்டரை எடுத்து ஒவ்வொருத்தரும் சேர்ந்த வருஷம், கடைசியா கேட் புக்ல கையெழுத்து போட்ட வருஷம், இந்த ரெண்டையும் பாத்தாலே சராசரியா எத்தனை வருஷம் கிளப்பை உபயோகிக்கிறாங்கன்னு தெரிஞ்சுடும். 60 வயசுக்காரங்களா சேர்ந்திருந்தா 15 கூட அதிகம், 30 வயசுக்காரங்கன்னா கம்மி. நாலஞ்சு வருஷம் கழிச்சு இந்த கணிப்பு தப்புன்னு தெரிஞ்சா பழசை கிளற வேண்டாம், மிச்சம் இருக்கிற தொகையை புதுசா கணிச்ச மிச்ச வருஷத்தால வகுத்துக்கிட்டா போதும். 5 வருஷம் முடிஞ்சப்ப 20 லட்சம் பாக்கி, இன்னும் 20 வருஷம் இருப்பாங்கன்னு தோணுதுன்னா அப்புறம் வருஷத்துக்கு ஒரு லட்சம், அவ்ளோதான். நடுவுல யாராவது இறந்துட்டா அவங்க பாக்கியை அந்த வருஷமே வருமானத்துல எடுக்கலாமான்னு கேப்பாங்க. ஆளுக்கு ஆள் தனி கணக்கு வச்சிருந்தா எடுக்கலாம். சராசரி போட்டு கூட்டமா கணக்கு வச்சிருந்தா எடுக்கக்கூடாது, அந்த சராசரியிலயே சீக்கிரம் போறவங்களும் அடக்கம். ரெண்டையும் கலந்தா ஒரே காசு ரெண்டு தடவை வருமானமாகும், இதை நிறைய கிளப்ல பாத்திருக்கேன்.

சரி, பழக்கம்னு சொன்னேனே அதுக்கு வரேன். இந்த வருஷம் செலவு 14 லட்சம் ஆகும்னு வச்சுக்குவோம். சந்தா 9 லட்சம், 20 லட்சத்துக்கு 6 பர்சென்ட் வட்டின்னு போட்டா 1.2 லட்சம். கையில வர்றது 10.2, பத்தாதது 3.8 லட்சம். அதுல 2 லட்சத்தை இந்த வருஷ பங்குன்னு டெபாசிட்ல இருந்து நியாயமா எடுக்கலாம், மீதி 1.8 லட்சம் உண்மையான பள்ளம். (தரைக்கான தேய்மானத்தை நான் சேர்க்கவே இல்ல, சேர்த்தா இன்னும் ஆழம்.) இப்போ கமிட்டி என்ன பண்ணும்னு எனக்கு தெரியும், இன்னொரு லைஃப் மெம்பர் டிரைவ் போடும். 3.8 லட்சத்துக்கு 13 பேரை மாத்தினா போதும், பள்ளம் மூடின மாதிரி தெரியும். ஆனா அந்த 13 பேர் அடுத்த வருஷத்துல இருந்து சந்தா கட்ட மாட்டாங்க, 39,000 குறையும், பள்ளம் பெருசாகும், அடுத்த தடவை 14 பேர் வேணும், அப்புறம் 16 பேர். புது லைஃப் மெம்பர் காசுல பழைய லைஃப் மெம்பருக்கு லைட் பில் கட்டுறது இது, மாத்துறதுக்கு ஆள் தீர்ந்ததும் நின்னுடும். வெளியில இருந்து புதுசா வர்றவரை லைஃப் மெம்பரா சேர்க்கிறது வேற, அதுல பழைய சந்தா போகல. உங்க 100 பேருமே ஏற்கனவே கட்டிட்டு இருந்தவங்க, அதான் வலிக்குது.

விலையும் தப்பு. சந்தாவுக்கு 10 மடங்குன்னு யாரோ ரவுண்டா போட்டிருக்காங்க. 30,000-ஐ 6 பர்சென்ட் வட்டியில போட்டு வருஷா வருஷம் 3,000 எடுத்தா சுமார் 15 வருஷத்துல காலி, அதுவும் சந்தா ஏறவே ஏறாதுன்னு வச்சா. இளவயசு ஆளுங்களுக்கு இந்த விலையில குடுக்கிறது கிளப் கையை விட்டு காசு போடுற மாதிரி. கமிட்டி புது விலை போடுற வரைக்கும் அந்த ஸ்கீமை நிறுத்தி வைங்க.

ஐந்தொகையை வச்சு ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. ஒத்திவைத்த கட்டணம் 28 லட்சம், அதுக்கு எதிரா டெபாசிட் 20 லட்சம், ஏற்கனவே 8 லட்சம் குறைச்சல். புக்ல பிரிச்சு எழுதுறது காசை பாதுகாக்காது, எழுதிட்டு காசை செலவழிச்சா அது வெறும் எண்தான். அதனால லைஃப் நிதிக்கு தனி அக்கவுன்ட் திறந்து, வருஷத்துக்கு பங்கு 2 லட்சமும் வட்டியும் தவிர வேற எதுவும் எடுக்க கூடாதுன்னு பொதுக்குழுவுல தீர்மானம் போடுங்க. யாராவது முகவர் வந்து இது நீண்டகால பணம்தானே, மார்க்கெட் லிங்க்டு பாலிசியில போட்டா 12 வரும்னு சொன்னா டீ குடுத்து அனுப்பிடுங்க. இதுல இருந்து வருஷா வருஷம் எடுத்தே ஆகணும், மார்க்கெட் விழுந்த வருஷம் விக்கிற நிலைமை வந்தா யார் பதில் சொல்றது? சாதாரண டெபாசிட், முதிர்வு தேதி வருஷத்துக்கு ஒண்ணா பிரிச்சு வச்சா போதும், அலுப்பாத்தான் இருக்கும்.

கடைசியா மச்சான். 20 லட்சம் ஹாலுக்கு போச்சுன்னா 1.2 லட்சம் வட்டியும் போகும், லோன் தவணை வரும், மேல ஹாலுக்கு கரண்ட், வாட்ச்மேன். தவணையை விடுங்க, அதுக்கு முன்னாடியே நீங்க 1.8 லட்சம் பள்ளத்துல நிக்கிறீங்க. பேங்க்காரர் 26 லட்சம் உபரி இருக்கிற பழைய கணக்கை பாத்துத்தான் லோன் யோசிப்பார், அந்த கணக்கு தப்புன்னு ஆடிட்டர் சொன்னதுக்கப்புறம் அதே பேப்பர்ல நீங்க பொருளாளரா கையெழுத்து போட்டா நாளைக்கு கேள்வி உங்களுக்குத்தான் வரும், மச்சானுக்கு இல்ல. பர்சனல் கேரன்டி கேட்டாங்கன்னா கிட்டயே போகாதீங்க. வீட்ல சண்டை வரும்னு பயமா இருந்தா நீங்க மறுக்கிற மாதிரி பேசாம, திருத்தின கணக்கு பொதுக்குழுவுல பாஸ் ஆன பிறகு பேசலாம் மச்சான்னு சொல்லிட்டு அந்த திருத்தின கணக்கை ஆடிட்டர் கையால குடுக்க வைங்க. ஹால் நிஜமாவே வேணும்னா அதுக்குன்னு தனியா கட்டட நிதி வசூல் பண்ணுங்க, லைஃப் பணத்தோட ஒட்டாம. அப்புறம் சந்தாவை 3,000-ல இருந்து 3,600 ஆக்குங்க, 300 பேருக்கு 1.8 லட்சம் வரும், இந்த வருஷ பள்ளம் அங்கயே மூடிடும், எதிர்ப்பு வந்தா திருத்தின கணக்கை மேசையில வைங்க.